ஏழாம் நாள் பெட்டி

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் வந்ததும் புகார்ப் பெட்டியைத் திறந்தேன். எங்கள் கேமில் தொடர்ந்து ஏழு நாள் லாகின் செய்தால் ஒரு பெரிய பரிசுப்பெட்டி கிடைக்கும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "தினமும் ஆடினேன், நேற்று ஆறாம் நாள் வந்திருக்க வேண்டும், திரும்ப முதல் நாளில் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள்" என்று கோபமாக எழுதியிருந்தார். இப்படிப்பட்ட புகார் வந்தால், ஒரு நாள் மறந்திருப்பார் என்று பதில் அனுப்பிவிடுவதுதான் இங்கே வழக்கம். இவர் நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருந்ததால் லாகைப் பார்த்தேன்.

வெள்ளி இரவு 9:40-க்குப் பரிசு வாங்கியிருக்கிறார். சனி இரவு 8:15-க்கு வந்திருக்கிறார், "இன்று ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்" என்று கேம் சொல்லியிருக்கிறது. ஞாயிறு இரவு 9:50-க்கு வந்தபோது ஸ்ட்ரீக், அதாவது விடாமல் வந்த நாள்களின் கணக்கு, அறுந்திருந்தது. மனுஷன் சொன்னது உண்மை.

காரணம் இந்த ஒரு வரி:

```python
days = (now - last_claim).total_seconds() // 86400
```

கடைசியாக வாங்கியதிலிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று பார்த்து, ஒரு நாளின் 86,400 விநாடியால் வகுத்து, மிச்சத்தைத் தள்ளிவிடுகிறது. வெள்ளியிலிருந்து சனிக்கு 22 மணி 35 நிமிடம்தான் ஆகியிருந்தது, அதனால் 0. சனிக்கிழமை வாங்க விடாததால் கடைசி நேரம் வெள்ளியிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஞாயிறு 9:50-க்கு 48 மணி 10 நிமிடம், ஆக 2. இரண்டு என்றால் நடுவில் ஒரு நாள் விட்டார் என்று அர்த்தம், முதல் நாளுக்குப் போ!

தினமும் கொஞ்சம் தாமதமாக வருகிறவருக்கு இது நடக்காது. ஒரே ஒரு நாள் சீக்கிரம் வந்தால் போதும், மாட்டிக்கொள்வார். ஆபீஸில் சோதிப்பவர்கள் கடிகாரத்தைச் சரியாக 24 மணி நேரம் தள்ளிவைத்துச் சோதிப்பார்கள், அவர்கள் கண்ணில் இது படவே படாது.

மார்ச் 5, புதன்

நேரத்தைக் கழிக்காமல் தேதியோடு தேதியை ஒப்பிடலாம் என்று பக்கத்து இருக்கை நண்பர் மாற்றி எழுதினார். பாதி சரி. ஆனால் தேதியை செர்வரிடம் கேட்கிறார், செர்வர் ஓடுவது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில். அதில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30.

சோதனைக் குழுவில் இருக்கும் அக்காதான் இதைப் பிடித்தார். அவர் தம்பிக்குக் கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். செவ்வாய் விடியற்காலை 4:30-க்கு ஷிஃப்ட் முடிந்து ஆடுகிறான், அப்போது யுடிசியில் இன்னும் திங்கள் இரவு 11 மணி. மறுநாள் வண்டி தாமதம், புதன் காலை 6 மணிக்கு ஆடுகிறான், அங்கே புதன் 00:30. நம்மூர்க் கணக்கில் செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்த நாள். செர்வர் கணக்கில் திங்களுக்குப் பிறகு புதன், செவ்வாயைக் காணோம். எதிர்ப்பக்கமும் உண்டு: காலை 5:20-க்கு ஒன்று, 5:35-க்கு ஒன்று என்று கால் மணி நேரத்தில் இரண்டு நாள் பரிசை வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாள் மாறுவது தப்பே இல்லை. பல கேம்கள் அப்படித்தான் இருக்கின்றன, திரையில் "அடுத்த பரிசுக்கு இன்னும் 3 மணி" என்று காட்டிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். நாங்கள் திரையில் "நள்ளிரவு 12-க்கு" என்று எழுதிவைத்து, பின்னால் 5:30-க்கு மாற்றுவதுதான் அநியாயம். தவிர, டொரண்டோவிலும் எங்கள் கேமை ஆடுகிறார்கள், அங்கே யுடிசி நள்ளிரவு குளிர்காலத்தில் மாலை 7 மணிக்கு விழுகிறது. ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் நாள் மாறும்.

சரி, ஆடுகிறவர் இருக்கும் ஊரின் நாளையே எடுப்பது என்று முடிவு.

மார்ச் 7, வெள்ளி

போன் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று கேட்டுச் சேமிக்க வேண்டும். நண்பர் யுடிசியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதை "+330 நிமிடம்", "−300 நிமிடம்" என்று எண்ணாகச் சேமித்திருந்தார். இந்தியாவுக்கு அது போதும். டொரண்டோவில் வரும் ஞாயிறு, 9-ஆம் தேதி, அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், அந்த −300 அப்போதே −240 ஆகிவிடும். `America/Toronto` என்று பெயராக வைத்தால் எந்தத் தேதியில் எவ்வளவு என்பதை நேர மண்டல அட்டவணை பார்த்துக்கொள்ளும்.

அதை மாற்றிய பிறகும், சோதனை செர்வரில் கடிகாரத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் திங்கட்கிழமை பரிசு வரவில்லை. நண்பர் ஒவ்வொரு நாளின் உள்ளூர் நள்ளிரவையும் விநாடியாக மாற்றிக் கழித்திருக்கிறார். ஞாயிறு நள்ளிரவிலிருந்து திங்கள் நள்ளிரவுக்கு அங்கே 23 மணி நேரம்தான். 82,800-ஐ 86,400 ஆல் வகுத்தால் மறுபடி அதே பூஜ்யம். நவம்பரில் 25 மணி நேர நாள் வரும்போது இது ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் அங்கே மிச்சத்தைத் தள்ளினாலும் 1 கிடைக்கும். அதாவது வருடத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் தலைகாட்டும் பக். இன்று பிடிக்காவிட்டால் அடுத்த மார்ச் வரை "எப்போதோ ஒருமுறை வந்தது" என்று கிடந்திருக்கும்.

கடைசியில் விநாடியையே தொடாமல் எழுதினோம்:

```python
today = datetime.now(ZoneInfo(p.tz)).date()
gap = (today - p.last_day).days
```

`last_day` என்பது வெறும் தேதி. அதோடு மணி, நிமிடம் எதுவும் ஒட்டியிருக்காது. பரிசு வாங்கிய நொடியைத் தனியாக யுடிசியில் லாகில் வைத்திருக்கிறோம், அது விசாரணைக்கு மட்டும்.

மார்ச் 10, திங்கள்

டொரண்டோக்காரர்கள் காலையில் வந்து பரிசு வாங்கியிருக்கிறார்கள். புகார் இல்லை.

மதியம் வேறு விவாதம். போன் சொல்லும் மண்டலத்தை நம்பினால் ஏமாற்றுவார்களே என்று மேலாளர் கேட்டார். போனின் கடிகாரத்தை நாங்கள் நம்புவதில்லை, நேரம் செர்வருடையது. மண்டலத்தை மட்டும்தான் அவர்கள் மாற்ற முடியும். கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவு யுடிசிக்கு 14 மணி நேரம் முன்னால் இருக்கிறது, உலகத்திலேயே நாள் முதலில் பிறக்கும் மண்டலம். இங்கிருந்து ஒருவர் மாலை 3:30-க்குப் போனை அந்தத் தீவுக்கு மாற்றினால் நாளைய பரிசை இன்றே வாங்கலாம். அதற்கு மேல் முடியாது. `last_day` நாளைக்குப் போய்விட்டது, நாளை மறுநாள் பிறக்கும்வரை அவர் காத்திருந்தே ஆக வேண்டும். மொத்த லாபம் எட்டரை மணி நேரம். இதற்காகப் பூட்டுப்போட்டுக் காவல் காக்க வேண்டாம் என்றேன், ஒத்துக்கொண்டார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் திரும்ப இந்திய மண்டலத்துக்கு வந்தால் `gap` −1 ஆகும். 0 என்றால் வாங்கியாயிற்று, 1 என்றால் அடுத்த நாள், மற்றதெல்லாம் அறுந்தது என்று எழுதினால், அந்த −1 "மற்றதெல்லாம்" பக்கம் விழுந்து ஸ்ட்ரீக்கை அழித்துவிடும். கிழக்கிலிருந்து மேற்கே விமானம் ஏறியவருக்கும் இதே கதி வரலாம். அதனால் `gap <= 0` என்றால் வாங்கியாயிற்று.

நண்பர் விடவில்லை, சமோவாவைக் கொண்டுவந்தார். அந்த நாடு தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியபோது 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கே இல்லாமல் போனது. 29-க்கு அடுத்தது 31, `gap` 2. யாருடைய ஸ்ட்ரீக்கும் பிழைத்திருக்காது. சமோவாவில் எங்களுக்கு ஆள் இல்லை, டீ குடிக்கப் போனோம்.

மார்ச் 12, புதன்

பழைய கணக்கைத் திருத்துவதில் நாள் முழுக்கப் போயிற்று. பரிசு வாங்கிய பட்டியலை வைத்து மட்டும் திருத்த முடியாது, கோயம்புத்தூர்க்காரரின் சனிக்கிழமை அதில் இல்லவே இல்லை. மறுக்கப்பட்டவர் கேமைத் திறந்தார் என்பதற்கு லாகின் லாக் மட்டும்தான் சாட்சி. அதிலிருந்து ஒவ்வொருவரின் உள்ளூர்த் தேதியையும் எடுத்து ஸ்ட்ரீக்கை மறுபடி கட்டினோம். சிலருக்குப் பழைய மண்டலம் தெரியவில்லை. அவர்களுக்கு யுடிசி, இப்போதைய மண்டலம் என்று இரண்டிலும் கணக்குப் போட்டு, எது கூடுதலோ அதைக் கொடுத்தோம். தவறுதலாக இரண்டு தடவை வாங்கியவர்களிடமிருந்து எதையும் திருப்பி எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

அக்கா விடுவதாக இல்லை. நள்ளிரவு தாண்டி 12:20 வரை ஆடுகிறவன் இன்னும் முந்தைய நாளில்தானே இருக்கிறான் என்கிறார். நியாயம்தான். ஜப்பானிய கேம்கள் பலவற்றில் விடியற்காலை 4 அல்லது 5 மணிக்கு நாள் மாறுவது இதற்குத்தான். உள்ளூர் நேரத்தில் 4 மணி கழித்துவிட்டு `.date()` எடுத்தால் வேலை முடிந்தது. ஷிஃப்ட் தம்பி 4:30-க்குத்தான் ஆடுகிறான், அவனுக்கும் பாதகமில்லை. மேலாளர் சரி என்றுவிட்டார். திரையில் இருந்த "நள்ளிரவு 12-க்கு" என்ற வரியை எடுத்துவிட்டு, மீதி நேரத்தை செர்வரே கணக்குப் போட்டு அனுப்பும்படி மாற்றியிருக்கிறேன். அடுத்த வெளியீட்டில் போகும்.