கிணற்றுக்குள் இருப்பவனுக்கு ஒரு பெயர்

3 மார்ச், திங்கள்

அரை மணி நேர வானொலி நாடகம், முதல் வரைவு முடிந்தது. தூர் வாரும் கிணற்றில் மண் சரிந்து ஓர் ஆள் உள்ளே மாட்டிக்கொள்கிறான். மேலே இருப்பவர்கள் பேசிக்கொண்டே அவனை மீட்க வேண்டும். பாத்திரங்கள் நான்கு: தோட்டக்காரர் மாடசாமி, கயிறு பிடிக்கும் பையன் முத்து, கிணற்றுக்குள் மாரியப்பன், அவன் மனைவி.

மாரியப்பன் கடைசிவரை கிணற்றை விட்டு வருவதில்லை. ஆழத்திலிருந்து வரும் குரல் மட்டும்தான் அவன்.

மாலையில் தயாரிப்பாளர் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர் எட்டாவது பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். “தம்பி, இப்ப உள்ள இருக்கிறது மாடசாமியா, மாரியப்பனா?”

5 மார்ச், புதன்

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால் மாடசாமி, மாரியப்பன், முத்து, முருகன் என்று பாதிப் பேர் ‘ம’வில் தொடங்குவார்கள். ஊருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன். தாளில் படிக்கும்போது சொல்லின் நீளமே ஆளைக் காட்டிவிடுகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது, முதல் அசையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ‘மா’ என்றதும் தன் நினைவில் உள்ள ஒரு மாவைத் தேர்ந்துவிடும். பிறகு வருவது ‘டசாமி’யா ‘ரியப்பன்’னா என்று திரும்பிப் பார்க்காது.

இதோடு எதிரொலியும் இருக்கிறது. வீட்டுப் பின்கட்டில் வெறும் தண்ணீர் டிரம் ஒன்றைச் சாய்த்து, அதற்குள் முகத்தை வைத்து “மாரியப்பன்” என்று சொல்லிப் பதிவு செய்து கேட்டேன். ‘ப்ப’ என்று உதடு மூடும் நொடியில் ஒரு சின்ன மௌனம் வர வேண்டும். டிரம்மில் அந்த இடைவெளியை முந்தைய உயிரின் ஒலியே வந்து நிரப்பிவிட்டது. ‘ரிய’ குழைந்து போய் ‘மாரீயன்’ மாதிரி ஏதோ ஒன்றுதான் கேட்டது. நெடில்கள் மட்டும் நன்றாகப் பிழைத்தன. அப்படியானால் எனக்குத் தேவை நெடில் நிறைந்த பெயர்.

8 மார்ச், சனி

நேற்றும் இன்றும் பெயர்கள் எழுதி எழுதி அடித்தேன்.

சுடலை. இங்கே ஏராளமான ஆண்களின் பெயர். ஆனால் “சுடலைக்கு என்னாச்சு” என்று மாடசாமி அலறும்போது கேட்பவருக்குச் சுடுகாடுதான் முதலில் தோன்றும். உயிருக்குப் போராடுகிறவனுக்கு இது ஆகாது.

மணி. “மணி என்னாச்சு?” என்று ஒருவர் கேட்டால் கடிகாரம் நினைவுக்கு வரும். வேறு கதையில் தப்பிக்கலாம். இதில் நேரம்தான் பிரச்சினையே, ஆளாளுக்கு மணி கேட்கிறார்கள்.

ஐயாதுரை. வாய்விட்டுச் சொன்னால் “ஐயா, துரை” என்று இரண்டு பேரைக் கூப்பிடுவது போலாகிறது.

இசக்கி. எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். ஆனால் பேச்சில் அது ‘எசக்கி’. பழைய மீடியம் வேவ் அலைவரிசையில் அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடம். அதனால் மேல்ஸ்தாயி ஒலிகளை வெட்டித்தான் அனுப்புவார்கள். முதலில் அடிபடுவது ‘ச’வின் சீறல். சின்ன ரேடியோவில் ‘எ…க்கி’ என்று நடுவில் ஓட்டை விழுந்தாற்போல் கேட்கும்.

9 மார்ச், ஞாயிறு

தாவீது.

இன்று காலை கோயில் மணி அடித்தபோது எங்கள் தெரு ஆச்சி ஒருவர் தன் பேரனைக் கூப்பிட்டார்: “ஏலே தாவீதூ…” மூன்று வீடு தள்ளி மாடியில் இருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆ, ஈ, ஊ. வாய் முழுக்கத் திறந்து, பிறகு அகன்று, பிறகு குவிகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று தூரத்து ஒலிகள். எதிரொலியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் தனித்தனியாகத் தெரியும். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி என்பதால் ஊருக்கும் பொருந்துகிறது.

கடைசி குறில் ‘து’ ஏன் ‘தூ’வாக நீண்டது என்று யோசித்தபோது தொல்காப்பியத்தின் விளிமரபு ஞாபகம் வந்தது. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது பெயரின் ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்று அங்கே ஒரு நூற்பா இருக்கிறது. கிணற்று மேட்டில் நின்று கத்துகிறவருக்கும் அதுதான் இலக்கணம். இனி எந்தப் பெயரையும் எழுவாயாக எழுதிப் பார்க்கப் போவதில்லை. கூப்பிட்டுப் பார்ப்பேன்.

பையன் முத்துவையும் மாற்றினேன். அவன் இப்போது கிட்டு. மாடசாமி நான்கு அசை, தாவீது மூன்று, கிட்டு இரண்டு. தொடக்க ஒலியும் மூன்றுக்கும் வேறு வேறு.

12 மார்ச், புதன்

நல்ல பெயர் கிடைத்துவிட்டது. அதை யார் சொல்வது? இன்று முழுக்க இந்தச் சிக்கல்தான்.

மனைவி சொல்ல மாட்டாள். அவளுக்கு அவன் “என்னங்க”, இல்லாவிட்டால் பிள்ளை பெயரோடு “அப்பா”. அவனும் அவளை “ஏளா” என்றுதான் கூப்பிடுவான், அதனால் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. கிட்டு வயதில் சின்னவன், வெறும் பெயரைச் சொன்னால் அடி விழும். மீதி மாடசாமி ஒருவர்தான். எண்ணிப் பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்தில் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் கயிறு உருளையின் கிறீச்சுக்கு அடியில்.

முதல் காட்சியைத் திருத்தினேன். மண் சரிவதற்கு முன்பே, அமைதியாக இருக்கும்போதே பெயரும் குரலும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மாடசாமி: ஏலே தாவீது, தண்ணி ஊறுதா?
தாவீது: (கிணற்றுக்குள்) முழங்காலுக்கு வந்துட்டு, அண்ணாச்சி.
கிட்டு: தாவீதண்ணே, கூடையை இறக்கவா?

பெயர் சொன்ன உடனே அடுத்து வருவது அவன் குரல்தான். நடுவில் யாரும் நுழையவில்லை. ‘தாவீதண்ணே’ கிட்டுவுக்கு மரியாதைக் குறைவு இல்லாமல் பெயரைச் சொல்ல வழி கொடுத்தது. சரிவுக்கு அப்புறம் மாடசாமி நாலைந்து இடங்களில் கூப்பிட்டால் போதும். எல்லா வசனத்திலும் பெயர் போட்டால் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலாகிவிடும். மனைவி வரும் இடத்தில் பெயரே வேண்டாம். அவள் “என்னங்க” என்றதும் கிணற்றிலிருந்து பதில் வருகிறது, அதுவே போதுமான அடையாளம்.

13 மார்ச், வியாழன்

பிரிட்டனில் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதி 1924 ஜனவரியில் ஒலிபரப்பான நாடகத்தைப் பற்றி அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்து இருட்டில் மாட்டிக்கொள்ளும் மூன்று பேர்: ஜாக், மேரி, பாக்ஸ். மூன்றும் ஓரசைப் பெயரோ அதை ஒட்டியதோதான். ஆனால் ஜாக்கும் பாக்ஸும் உயிரொலியில் ஒன்றுதானே என்று கேட்டேன். ஒன்று இளைஞன், ஒன்று கிழவர், குரலே பிரித்துவிடும் என்றார். எனக்கு அந்த வசதி இல்லை. மாடசாமிக்கும் தாவீதுக்கும் கிடைத்திருக்கும் நடிகர்கள் இருவருக்கும் கனத்த குரல்.

15 மார்ச், சனி

சோதனைப் பதிவு. தாவீதாக நடிப்பவர் டிரம்முக்குள் முகம் வைத்து, மைக்கை விட்டு ஐந்தடி தள்ளி உட்கார்ந்தார். பதிவை என் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போட்டு, அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். கதையை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி, “உள்ள இருக்கிறது யாரும்மா?” என்றேன்.

“தாவீது. அவன் ஏன் இன்னும் இருமிக்கிட்டே இருக்கான்?”

இருமல் நடிகருடையது, டிரம்மில் இருந்த தூசியால் வந்தது. எழுத்தில் இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன். மண் சரிந்த பிறகு அவன் பேசுமுன் ஒரு முறை இருமுவான், மேலே இருந்து கிட்டு “தாவீதண்ணே” என்பான்.