ஓ.டி. வரியில் ஒளிந்திருந்த 152 வெள்ளி

பாயான் லெப்பாஸில் மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் என் தம்பியின் பே ஸ்லிப்பைச் சரிபார்த்த கதை இது, இன்னும் எரிச்சல் தீரவில்லை.

மணிக்கு 10 வெள்ளி, நாளுக்கு ஏழரை மணி நேரம். 24 நாள், 180 மணி, 1,800 வெள்ளி, அதில் பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே ஒரே வரி: 'OT 1.5', 46 மணி, 690 வெள்ளி. தொகை பெரிதாகத் தெரிந்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குத்தான் 46 உறுத்தியது. அவன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பஞ்ச் கார்டு படங்களைப் பார்த்து நாள்வாரியாக எழுதினால், வார நாள் ஓ.டி. 31 மணிதான். மீதி 15 மணி இரண்டு ஞாயிறு! ஞாயிறு அவனுக்கு ஓய்வு நாள் என்று வேலைக் கடிதத்திலேயே இருக்கிறது. மணிக்கூலி ஆள் ஓய்வு நாளில் பாதி நாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி தர வேண்டும், 1955 வேலைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. (மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு, இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அப்படியென்றால் 31 மணிக்கு 465, ஞாயிறு இரண்டுக்கும் தலா 150, மொத்தம் 765. கொடுத்தது 690. குறைவு 75 வெள்ளி.

அடுத்து பிடித்தம். சொக்சோவுக்கு ஓ.டி.யும் சேரும், ஆனால் இ.பி.எஃப்.புக்கு ஓ.டி.யும் ஓய்வு நாள் வேலைக் கூலியும் சேராது. 1,800க்கு அட்டவணைப்படி தொழிலாளி பங்கு 198. ஸ்லிப்பில் 275, அதாவது முழு 2,490க்கும் பிடித்திருக்கிறார்கள். போனால் போகட்டும், அவன் கணக்கில்தானே சேரும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் 15ஆம் தேதி கழிந்து i-Akaun-ஐத் திறந்து பார்த்தால் அங்கே ஏறியிருந்தது 198! அந்த 77 வெள்ளி எங்கே போனது?

அலுவலகக் கிராணியிடம் போய் நின்றால், "சிஸ்டம் போடுற கணக்கு தம்பி, தப்பு வராது" என்று ஸ்லிப்பைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நீட்டிவிட்டார். லீவு எடுத்துக்கொண்டு போனது வீண். சரி, வாய்ப்பேச்சு வேலைக்காகாது என்று ஒரே தாளில் இடப்பக்கம் ஸ்லிப், வலப்பக்கம் எங்கள் கணக்கு, கீழே i-Akaun படம் எல்லாம் ஒட்டி மனிதவள அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், இதே தாள் தொழிலாளர் இலாகாவுக்கும் போகும் என்று ஒரு வரி சேர்த்து.

அடுத்த சம்பளத்தில் 'Rest day' என்று தனி வரி வந்தது, 152 வெள்ளி பாக்கியும் வந்தது. விளக்கம் மட்டும் வரவில்லை. பழைய பஞ்ச் கார்டு படங்கள் எந்த மாதம் வரை இருக்கின்றன என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறான்.