செய்முறைப் பரீட்சைக்கு 12 நாள் இருக்கையில் குரல் போனால்

உயர்தரக் கர்நாடக சங்கீதச் செய்முறைப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை. அதற்குப் 12 நாள் முன்னால், சனிக்கிழமை, தம்பியின் பள்ளிக்கூடத்து பிக் மெச். எனக்கு இரண்டு நாளாகத் தடிமன். மூக்கு ஒழுகியது, தொண்டை அரித்தது, அவ்வளவுதான் என்று நினைத்துப் போய்விட்டேன். காலையிலிருந்து பின்னேரம் வரை பப்பரே வாத்தியச் சத்தத்துக்கு மேலால் கத்தியதில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தேத்தண்ணி கேட்க வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

அந்த 12 நாளும், அதற்குப் பின்னால் வந்த நாட்களும் எனக்குக் கற்றுத் தந்ததை, வாய்ப்பாட்டு, நாடகம், பேச்சு என்று குரலை நம்பிப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வைத்தியரல்ல. டொக்டரும் பேச்சுச் சிகிச்சை மிஸ்ஸும் எனக்குச் சொன்னதையும், அதை நான் எப்படிச் செய்தேன், எங்கே சொதப்பினேன் என்பதையும் சொல்கிறேன்.

முதல் சொதப்பல் ஞாயிற்றுக்கிழமையே. குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குசுகுசுத்தேன். போனில்கூடக் குசுகுசுப்புத்தான். இடையிடையே தொண்டையைச் செருமிச் சரி பார்த்தேன். மணிக்கொருதரம் "ஸா" பிடித்து, வந்துவிட்டதா என்று சோதித்தேன். திங்கள் டியூஷனில் ஏ.சி. அறை, சேர் கேட்ட கேள்விக்கு உரத்து வேறு பதில் சொன்னேன். செவ்வாய் காலை குசுகுசுப்புக்குக்கூடத் தொண்டை நொந்தது.

அன்றுதான் அப்பா காலி வீதியில் எங்கள் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போனார். நான் பேச வாயெடுக்க, டொக்டர் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். "மகள், எழுதுங்கோ. இங்கே வந்தும் கதைக்க வேண்டாம்."

அவர் விளக்கியது இது. குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல்நாண்கள். பேசும்போது பெண்களுக்கு அவை நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதித் திறக்கும். பாடும்போது மேலே போகப்போக இன்னும் கூடும். தடிமன் வந்தால் அந்த மடிப்புகள் வீங்கும். வீங்கியது சரியாக மூடாது, சீராக அதிராது, அதனால் கரகரப்பு. வீங்கியிருக்கும் நேரத்தில் கத்தினால் வீங்கிய இரண்டையும் பலமாக அடித்துக்கொள்ள விடுவது மாதிரி. நான் சனிக்கிழமை செய்தது அதைத்தான். பலமாகக் குசுகுசுப்பதும் ஓய்வல்ல, குரல்வளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. செருமுவதும் நாண்களை ஒன்றோடொன்று அறைவதுதான். செருமல் வந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடி, அல்லது எச்சிலை விழுங்கு என்றார்.

அப்பா "ஒரு அன்டிபயோட்டிக் தந்தால் கெதியாக மாறாதோ டொக்டர்?" என்று கேட்டார். இது வைரஸால் வந்தது, அன்டிபயோட்டிக் அதைத் தொடாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாகவே இறங்கும் என்று பதில் வந்தது. நோவுக்குப் பனடோல் போதும் என்றார். வேறு சில வலி மாத்திரைகள் இரத்தம் கசிவதைக் கூட்டக்கூடியவை, குரல்நாண் அடிபட்டிருக்கும்போது அவற்றைத் தானாக வாங்கிப் போடாதே என்றும் சொன்னார். கச்சேரிக்காரர் எடுக்கிற ஸ்டீரொயிட் பற்றி அக்கா எங்கேயோ கேட்டு வந்திருந்தாள். நாண்களை உள்ளே பார்க்காமல் அதைத் தருவதில்லை, குரல் வந்துவிட்டது போலத் தெரியும், அந்தத் தைரியத்தில் பாடி இன்னும் கெடுத்துக்கொள்வாய் என்று மறுத்துவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மௌனம். வீட்டில் ஒரு சிறு வெள்ளைப்பலகை வைத்துக்கொண்டேன். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அது கையிலிருந்தால் யாரும் வாய் திறக்காமல் இருக்கமாட்டார்கள். பரீட்சைப் படிப்பு நிற்கவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டு, தாளத்தைக் கையில் போட்டு, வர்ணத்தை மனதுக்குள் இரண்டு காலத்திலும் ஓட்டினேன். வர்ணத்தின் பின்பாதியில் வரும் எத்துக்கடை ஸ்வரத்தில் எனக்கு எங்கே நினைவு தப்புகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது. வாய்விட்டுப் பாடும்போது குரல் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும், தப்பு தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அம்மாவின் கொத்தமல்லி, அம்மம்மாவின் தேன், பக்கத்து வீட்டு அன்ரியின் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது: நாம் குடிக்கிறதோ கொப்பளிக்கிறதோ எதுவும் குரல்நாணில் படுவதில்லை. விழுங்கும்போது மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், தண்ணீர் உணவுக்குழாய் வழியே போகும். நாணில் ஒரு சொட்டுப் பட்டால்கூடப் புரையேறித் துள்ளிவிடுவோம். தேனும் கொத்தமல்லியும் தொண்டைக்கு இதம், தேன் இருமலையும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் உடம்பில் சேர்ந்து, அதன் பிறகுதான் நாண்களை மூடியிருக்கும் சளிப்படலம் இளகும். அதற்கு மணிக்கணக்காகும். மேடையேறுமுன் ஒரு போத்தலை மடக்கு மடக்கென்று குடிப்பதில் பலனில்லை, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டதற்கு டொக்டர் லீற்றர் கணக்குச் சொல்லவில்லை. சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதும் என்றார். கொழும்பு வெயிலில் எனக்கு அதற்கு இரண்டு லீற்றருக்கு மேல் தேவைப்பட்டது. சிறுநீரகம், இதயம் என்று தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது.

நாணுக்கு நேரே போய்ச் சேருவது மூச்சோடு போகும் ஈரம்தான். அதனால் வேது பிடித்தேன், வெறும் சுடுதண்ணீரில், காலையும் இரவும் பத்து நிமிடம். அம்மா வழக்கமாகப் போடும் தைலத்தை டொக்டர் வேண்டாம் என்றார். மென்தோல் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் சிலருக்கு எரிச்சலையும் வறட்சியையும் தரும். சட்டியை மடியில் வைக்காமல் மேசையில் வையுங்கள். கொதிதண்ணீர் கவிழ்ந்து தொடை வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எப்போது திரும்பப் பாடலாம்? சங்கீதம் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெலத்துப் பாடிப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பலத்தைக் கொடுத்தால் வீங்கிய நாணும் ஒலிக்கும், ஏமாந்துவிடுவீர்கள். மேல் ஷட்ஜத்தையோ அதற்குக் கொஞ்சம் கீழோ எடுத்து, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழும்பாத அளவுக்கு மிக மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். ஒலி வருமுன் "ஹ்" என்று காற்று மட்டும் கசிந்தால், அல்லது ஸ்வரம் இடையில் அறுந்தால், வீக்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எனக்குக் காற்று மட்டும் வந்தது. திங்கள் ஒலி வந்தது, ஆனால் தாமதித்து. இந்தச் சோதனை நாளுக்கு ஒருதரம் போதும். நான் முன்பு செய்த மணிக்கொருதர "ஸா" ஓய்வையே கெடுத்தது.

வெள்ளியிலிருந்து கீழ் ஸ்வரங்களில் ஐந்து நிமிட முணுமுணுப்பு, நாளுக்கு மூன்று தரம். நோவு வந்தால் உடனே நிறுத்தல். செவ்வாய் டீச்சரிடம் போனேன். அவர் என் குரலைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையிலிருந்து நாலரைக்கு இறக்கினார். "ரோசப்படாதே பிள்ளை. அரைக் கட்டையில் ஒன்றும் குறைந்துபோகாது." அந்தச் சுருதியிலேயே பரீட்சையைச் செய்தேன். தாரஸ்தாயிப் பிரயோகங்கள் கொஞ்சம் சொரசொரத்தன. தாளமும் ஸ்வரமும் தப்பவில்லை. மனதுக்குள் ஓட்டிய மூன்று நாள் அங்கே கைகொடுத்தது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் மறுநாளே இரண்டு மணிநேரச் சாதகம், அப்புறம் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ஒரு வித்தியாசத்தைக் கவனித்தேன்: காலையில் குரல் பரவாயில்லை, பின்னேரம் ஆக ஆகக் கரகரக்கும். தடிமன் எப்போதோ போய்விட்டது. பிக் மெச் நடந்து 24ஆம் நாளும் அப்படியே இருந்தது. டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்: "மூன்று கிழமை தாண்டினால் இது தடிமன் என்று சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. நாணைப் பார்க்கவேண்டும்." கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போனேன்.

பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மூக்குக்குள் மரக்கச் செய்யும் ஸ்பிரே அடித்தார்கள், கசந்தது. பென்சிலைவிட மெல்லிய வளையும் குழாய் ஒன்றை மூக்கு வழியே விட்டார்கள், நுனியில் கமரா. "ஈ…" என்று இழுக்கச் சொன்னார்கள், பிறகு மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று நிமிடந்தான். மரப்புப் போகும்வரை சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்றார்கள். திரையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், அவற்றின் முன்பக்கத்தில், இரண்டிலும் ஒரே இடத்தில், அரிசிக் குறுணி மாதிரி ஒரு சிறு தடிப்பு. முடிச்சுகள் உருவாகத் தொடங்கும் நிலை, உராய்ந்து உராய்ந்து கையில் தோல் காய்த்துப்போவது மாதிரி என்றார் கிளினிக் டொக்டர். சத்திரசிகிச்சை இல்லை. பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

பக்கத்தில் காத்திருந்த அங்கிளுக்குக் குரல் கம்மி மூன்று மாதமாம். நோவில்லாததால் வரவில்லையாம், சிகரெட் உண்டாம். அவருக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நோவில்லாத கரகரப்புத்தான் குரல்நாண் புற்றுநோயின் முதல் அடையாளமாகப் பெரும்பாலும் வரும். அந்த நிலையில் பிடித்தால் கதிர்வீச்சாலோ சிறு சத்திரசிகிச்சையாலோ குணமாகும் வாய்ப்பு நிறைய. புகைப்பவர்களும் நடுவயது தாண்டியவர்களும் மூன்று கிழமையை இழுத்தடிக்கக் கூடாது.

சிலவற்றுக்கு மூன்று கிழமையே கூடாது. மூச்செடுக்கும்போது விசில் போலச் சத்தம், மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமை என்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி, தைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின் மாறிய குரல் என்றால் உடனே டொக்டர். ஒரே கத்தலில், பாடிக்கொண்டிருந்த ஒரே நொடியில், குரல் "டக்" என்று போயிருந்தாலும் அன்றே வாயை மூடிக்கொண்டு போங்கள். நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம்.

பேச்சுச் சிகிச்சை மிஸ் எனக்குத் தந்த முதல் பயிற்சி ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு ஸ்ட்ரோவும். ஸ்ட்ரோவைத் தண்ணீருக்குள் விட்டு, குமிழி வர "ஊ…" என்று மெதுவாக ஊத வேண்டும். ஐந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தரம். எட்டாவது கிழமை, தூங்கும் குழந்தை எழும்பாத மேல் ஷட்ஜம் காற்றுக் கசியாமல் வந்தது. சுருதிப் பெட்டி அப்போதும் நாலரைக் கட்டையில்தான் இருந்தது.