0.91 காட்டிய காலையில் பாம்பனில் வாங்கிய திட்டு

பாம்பன், மண்டபம் படகுக்காரர்கள் கடலுக்குப் போகுமுன் ஐஸ் கட்டிக்குப் பதிவு செய்யும் சிறிய இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதன் வேகத்தில் பயனர்களுக்கு எவ்வளவு திருப்தி என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அப்டெக்ஸ் மதிப்பெண் போடப்போய்ப் பட்ட பாடு இது.

கணக்கு எளிது. T என்பது நாம் வைக்கும் எல்லை. ஒரு கோரிக்கைக்கு T வினாடிக்குள் பதில் வந்தால் முழு மதிப்பெண், 4T வரை பாதி, அதைத் தாண்டினால் சுழியம். எல்லாக் கோரிக்கைகளின் சராசரிதான் அப்டெக்ஸ். வேகத்தை அளக்கும் கருவி தானாக வைத்திருந்த T 0.5 வினாடி. கடற்கரை சிக்னலில் அது நடக்கிற காரியமா? மதிப்பெண் அதலபாதாளத்தில் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் T-ஐ 3 ஆக்கினேன். உடனே எண் அழகாகிவிட்டது. செய்த தவறு அதுதான்.

ஒரு நாள் அதிகாலை 400 கோரிக்கைகள், மதிப்பெண் 0.91. அதே நேரத்தில் தொலைபேசியில் ஒரு படகு உரிமையாளர்: “தம்பி, இரண்டு பங்கு ஐஸ் வந்து இறங்கி உருகிக்கொண்டிருக்கிறது. பணத்தை நீங்கள் கொடுப்பீர்களா?”

சர்வர் பதிவேட்டைத் தோண்டினேன். டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோய் 60 கோரிக்கைகள் பிழையுடன் திரும்பியிருந்தன. பிழைச் செய்தி நொடிக்குள் போய்விடும் அல்லவா? கருவி அவற்றைத் ‘திருப்தி’ என்று எண்ணியிருந்தது! பிழைகளை அதிருப்தியில் சேர்க்கும்படி அமைப்பை மாற்றியதும் 0.91 என்பது 0.76 ஆனது. நீங்களும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அடுத்து T. ஒரே கைபேசியிலிருந்து ஒரே பதிவு மறுபடி வந்த இடங்களைத் தேடினேன். 5 வினாடி வரை அநேகமாக எல்லோரும் பொறுத்திருந்தார்கள். 6 தாண்டியதும் பொத்தானை மறுபடி அழுத்தத் தொடங்கினார்கள். இரட்டை ஐஸ் வந்த கதை அதுதான். மனிதர் பொறுமை இழக்கும் இடம் 4T என்றால், T 1.5. நான் வைத்திருந்த 3-க்கு அந்த எல்லை 12 வினாடி. பாம்பன் துறையில் அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்?

அதே காலையை மறுபடி கணக்கிட்டேன்: 1.5 வினாடிக்குள் 180, 6 வரை 130, மீதி 90-இல் பிழைகளும் அடக்கம்.

```
(180 + 130/2) / 400 = 0.6125
```

0.61. தொலைபேசியில் திட்டிய அண்ணாச்சியின் குரலுக்குப் பொருந்துகிற எண்.

ஒரு வயிற்றெரிச்சல் பாக்கி இருக்கிறது. பழைய இரண்டு மாதங்களையும் புதிய T-யில் பார்க்க நினைத்தால், கருவி தினசரி மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன மூல நேரங்களை அழித்துவிட்டிருந்தது. T மாறினால் பழைய எண்ணோடு ஒப்பிடவே முடியாது. இப்போது மூல நேரங்களைத் தனியே சேமிக்கிறேன். மதிப்பெண்ணை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் T-ஐயும் எழுதுகிறேன்: 0.61 [1.5]. விலைப்பட்டியல் பக்கத்துக்கு வேறு T வேண்டும். அதை இன்னும் தொடவில்லை.

உருகிய ஐஸுக்குப் பாதிப் பணம் நான்தான் கொடுத்தேன்.