துணியை மட்டும்தான் மாற்றினேன்

"துணியை மட்டும் மாத்துங்கண்ணா, தம்பியோட காலையும் ஸ்டிக்கையும் தொடாதீங்க" என்று அந்த அக்கா சொன்னதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம், அதில் தம்பியின் துணியை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றித் தர வேண்டும். ஆண்கள் எல்லோரும் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பெங்களூரிலிருந்து வந்த பஸ் தாமதமாகி, நேராக மண்டபத்து வாசலில் வந்து வரிசையில் நின்ற தம்பி மட்டும் கறுப்பு டீ-ஷர்ட்டும் டிரவுசரும். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். டிரவுசருக்குக் கீழே மீதிக் காலைப் பிடித்திருக்கும் சாக்கெட், அதற்குக் கீழே உலோகக் குழாய், அப்புறம் ஷூ, எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. வலது கையில் முழங்கை ஊன்றுகோல்.

இந்த மாதிரி வேலை வந்தால் துணியில் கை வைப்பதற்கு முன்னால் ஊன்றுகோல், செயற்கைக் கால் இரண்டையும் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டித் தனித்தனி லேயராக்கிப் பூட்டிவிடுவேன். புதுத் துணி எதுவாக இருந்தாலும் முதலில் அவற்றுக்குக் கீழேதான் போகும். ஒவ்வொரு இடத்திலும் எது முன்னால், எது பின்னால் என்று அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டையில் முதல் சிக்கல் கைதான். முழங்கை ஊன்றுகோலின் வளையம் முன்கையைச் சுற்றிப் பிடித்திருக்கும். முழுக்கைச் சட்டை போட்டால் துணி அந்த வளையத்துக்குள் போய் நசுங்கி, வளையத்துக்கு மேலே சுருக்கமாகத் திரள வேண்டும், வளையத்தின் உள்விளிம்பையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும். மற்றவர்களில் பாதிப் பேர் அரைக்கைதான் போட்டிருந்தார்கள், அதனால் இவருக்கும் அரைக்கை. வளையம் தோல் மேல் இருந்தபடியே, அதன் நிழலோடு அப்படியே இருந்தது. ஊன்றுகோல் தாங்குவதால் வலது தோள் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், சட்டையும் அந்தப் பக்கம் மேலே இழுபடும், அதை நேராக்கினால் ஊன்றுகோல் சும்மா பக்கத்தில் சாய்த்து வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இழுபட்டே விட்டேன். அலுமினியக் குழாயில் பழைய கறுப்பு டீ-ஷர்ட்டின் பிம்பம் ஒரு கோடாக விழுந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்கு அது பொருந்தாது. அதன் வெளிச்சத்தை மட்டும் லேசாக ஏற்றினேன், வடிவத்தைத் தொடவில்லை. அதுவே ஊன்றுகோலைத் தொட்டதாகுமா என்று அப்போது கொஞ்சம் யோசித்தேன். இன்றைக்கு நினைத்தால், யோசிக்க வேண்டிய இடம் அதுவே இல்லை.

வேட்டியைப் பக்கத்தில் நின்ற அண்ணன்காரரிடமிருந்து எடுத்தேன், வெளிச்சம் ஒன்றாக இருக்குமே என்று. ஆனால் அவர் வேட்டி அவருடைய கெண்டைக்கால் மேல் விழுந்த வேட்டி. தம்பியின் இடது பக்கம் கெண்டைக்கால் கிடையாது. சாக்கெட் முடிகிற இடத்துக்குக் கீழே துணிக்குப் பிடிமானமே இல்லை, உள்வாங்கி நேராகத் தொங்கும். அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒட்டிப்போன மாதிரி இருக்குண்ணா, ரெண்டையும் ஒரே மாதிரி பண்ணிடுங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். உள்ளே இல்லாத காலைத் துணி மேல் வரைவது அது. ஷூவைச் செருப்பாக்கச் சொன்னார், அதற்கும் மாட்டேன் என்றேன். நிறைய செயற்கைப் பாதங்களில் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது, வார்ச்செருப்பு நிற்காது. அதோடு குதி உயரத்தைப் பார்த்துத்தான் காலைப் பொருத்துகிறார்கள். அந்த ஷூவோடு சரியாக நிற்கிற குழாய் தட்டைச் செருப்பில் பின்னால் சாயும். ஷூ போட்ட சாய்மானத்தில் நிற்கிற ஒருவருக்குச் செருப்பு வரைந்தால் அது அவர் நிற்கிற விதமே இல்லை. அக்கா ஒத்துக்கொண்டார்.

இவ்வளவு கறாராக இருந்தவன்தான் வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கினேன்.

படத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியே கூப்பிட்டார். "நல்லா இருக்குண்ணே. கால் எங்கண்ணே?"

"வேட்டிக்குள்ளதான் இருக்கு. நான் தொடலையே" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிண்ணே, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு வேறு மாதிரி செய்து தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே, அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

வேலை முடிந்ததும் நான் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். பழைய படத்தைப் புதியதற்கு மேல் லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை Difference என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாறின இடம் மட்டும் ஒளிரும். ஊன்றுகோலும் வளையமும் கறுப்பாக இருந்தன, குழாயில் நான் ஏற்றிய அந்த ஒரு கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஷூவும் கறுப்பு. சட்டையும் வேட்டியும் வந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, முழங்காலிலிருந்து ஷூ வரையும்தான். அனுப்புவதற்கு முன்பே அதைப் பார்த்தேன், துணி வந்த இடம்தானே என்று கடந்து போனேன்.

துணி வந்த இடம்தான், அதிலும் தப்பில்லை. வேட்டி கட்டினால் எல்லோருக்கும் கால் மறையும். அவர் நேரத்துக்கு வந்து வேட்டி கட்டி நின்றிருந்தால் படத்தில் இதேதான் இருந்திருக்கும், குழாய் தெரிந்திருக்காது. அப்பா அம்மா முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரும் நிற்கமாட்டார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், எல்லாமே சரியான காரணங்கள்தான். ஆனால் அவர் வேட்டி கட்டி வரவில்லையே. கால் தெரிகிற டிரவுசரில், யார் பின்னாலும் மறைந்து நிற்காமல், முன்வரிசையில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. வேட்டி கட்டினால் மறைகிற தன் கால் மறையட்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்திருக்க வேண்டும், மடிப்பு வாரியாக உட்கார்ந்து நான் முடிவு செய்துவிட்டேன்.

வீல்சேரில் இருப்பவருக்குப் புடவை மாற்றும்போது எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. நிற்பவரின் கொசுவத்தை எடுத்து ஒட்டினால் அது கால்தாங்கியைத் தாண்டித் தரையில் விழும், உட்கார்ந்திருப்பவர் நிற்பது போல ஆகிவிடும். இடுப்பிலும் முழங்காலிலும் துணி மடிந்து கொசுவம் தொடை மேல் கிடக்க வேண்டும், முந்தானை சக்கரத்தில் சிக்காமல் மடிக்குள் செருகியிருக்க வேண்டும், சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் தெரிகிற துணிக்கும் நிறம் மாற வேண்டும். துணி சக்கரத்தை மூடினால் அந்தப் படமே பொய், ஏனென்றால் அப்படி யாரும் உருட்டிக்கொண்டு போக முடியாது. நாற்காலியே எனக்கு எல்லையைச் சொல்லிவிடுகிறது. செயற்கைக் கால் அப்படிச் சொல்வதில்லை, எந்த வேட்டிக்குள்ளும் பேசாமல் போய்விடும்.

இப்போதெல்லாம் வேலையை எடுக்கும்போதே துணி எதுவரை வரும், அதில் எது மறையும் என்று படத்தில் கோடு போட்டுக் காட்டிக் கேட்கிறேன், அதுவும் படத்தில் இருப்பவரிடமே. இது சரியான வழி என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியவில்லை. சமீபத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அப்படிக் கேட்டேன், அவருக்கும் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "எல்லார்கிட்டயும் பாவாடை எவ்வளவு நீளம்னு கேப்பீங்களாண்ணா, இல்ல என்கிட்ட மட்டுமா?" என்றார். எல்லோரிடமும் கேட்பதில்லை. அதைச் சொன்னேன். கணுக்கால் வரை போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன்.