கீரைத் தொட்டிக்கு மேலே ஒட்டிய படம்

கோயம்புத்தூரில் நான் மேற்பார்வை பார்க்கும் உணவக அடுக்களையில் 11 பேர் வேலை செய்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், நேபாளத்திலிருந்து வந்த இளைஞர்களோடு, பள்ளிக்கூடம் போகாத உள்ளூர் அக்காமார் இருவரும் இருக்கிறார்கள். புதினாவையும் கொத்தமல்லியையும் குளோரின் கலந்த தண்ணீரில் ஊற வைக்கும் முறையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருந்தோம். இந்தியில் சரளமாகப் பேசுகிறவர்களிலும் சிலருக்கு அதைப் படிக்க வராது என்பது, ஒருநாள் காலைச் சட்னியில் நீச்சல் குளத்து வாடை அடித்து, அரைத்த அத்தனையையும் கொட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளோரின் மருந்தை ஊற்றிய தம்பி அலட்சியமானவன் அல்ல. அளவு மூடி எங்கேயோ போய்விட்டதால் டம்ளரில் ஊற்றியிருந்தான். எவ்வளவு என்பதை அவனுக்குச் சொல்ல அந்தத் தாளால் முடியவில்லை.

எங்கள் கணக்கு எளிமையானது. அந்த மருந்தாக நாங்கள் வாங்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் வீரியம் 4 சதவீதம். 20 லிட்டர் தண்ணீருக்கு அதில் 25 மில்லி ஊற்றினால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். மண் போக அலசிய கீரையை அதில் 5 நிமிடம் மூழ்க வைத்து, பிறகு குடிநீரில் நன்றாக அலச வேண்டும். இதைத்தான் எழுத்தே இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் கைப்பேசியில் ஒவ்வொரு படியையும் படம் பிடித்தேன். குழாய், சுவர், பின்னால் தொங்கிய துணி என எல்லாமே தெரிந்ததால் எதைப் பார்ப்பது என்றே புரியவில்லை. ஆகவே அந்தப் படங்களின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டோவியமாக வரைந்தேன். தொட்டி, மூடி, கை, கீரை ஆகியவற்றுக்கு மட்டும் நிறம் கொடுத்தேன். அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொருவராகத் தனியே அழைத்துச் சோதித்தேன். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பதால், படத்தைக் காட்டி, "இதில் உள்ளபடி செய்து காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன்.

முதல் ஆறு பேரிலேயே இரண்டு பெரிய தவறுகள் வெளிப்பட்டன. 5 நிமிடத்தைக் குறிக்க நான் வரைந்திருந்த கடிகாரத்தை, ஒருவர் மாலை ஐந்து மணிக்குச் செய்ய வேண்டிய வேலை என்று புரிந்துகொண்டார். முள்ளைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆகவே கடிகாரத்தை நீக்கிவிட்டு, 5 நிமிடத்தில் மணியடிக்கும் சிறிய டைமர் ஒன்றை வாங்கித் தொட்டியருகே மாட்டி, அதன் பொத்தானை ஒரு விரல் அழுத்துவதை வரைந்தேன்.

இரண்டாவது தவறு ஆபத்தானது. கழிவறைக்கான அமிலத்தையும் இந்த மருந்தையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைத் தடுக்க இரண்டு பாட்டில்களையும் அருகருகே வரைந்து, மேலே சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒருவர் பெருக்கல் குறியைக் கவனிக்காமல் இரண்டு பாட்டில்களையும் ஊற்றுவதுபோலச் சைகை செய்து காட்டினார். பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்கத் தர நிர்ணயத்தில், 85 சதவீதத்தினர் சரியாகப் புரிந்துகொள்வதோடு, ஆபத்தான நேர்மாறான புரிதல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றொரு விதி உண்டு. அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. செய்யக் கூடாததை வரைந்தால், வரைந்த அந்தச் செயலே கண்ணில் நிற்கிறது. அந்தப் படத்தையே எடுத்துவிட்டேன். அமிலத்தைக் கழிவறைப் பக்க அலமாரியில் வைத்துப் பூட்டினோம். ஏன் கலக்கக் கூடாது என்பதை ஒடியா தெரிந்த மாஸ்டரும் நேபாளி பேசும் மற்றொருவரும் அவரவர் மொழியில் நேரில் சொன்னார்கள். காரணத்தைச் சொல்லப் படத்தால் முடியாது.

அளவைப் பொறுத்தவரை, எண்ணை எழுதுவதையே விட்டுவிட்டோம். நீலத் தொட்டியில் 20 லிட்டர் மட்டத்தில் சிவப்புக் கோடு போட்டோம். 25 மில்லி பிடிக்கும் மூடி ஒன்றை மருந்து கேனிலேயே கயிற்றால் கட்டினோம். படத்திலும் அதே நீலம், அதே சிவப்புக் கோடு, ஒரே ஒரு மூடி. மூன்று துளிகள் வரைந்திருந்த பழைய வடிவத்தைப் பார்த்து ஒரு அக்கா மூன்றே சொட்டு விட்டதால், துளிகளையும் அழித்துவிட்டோம். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் படம் மறைந்ததால், இரண்டாம் முறை மங்கலான பரப்புள்ளதாகச் செய்து, தொட்டிக்கு நேர் மேலே கண்மட்டத்தில் ஒட்டினோம்.

வெயில் காலத்தில் கேனில் உள்ள மருந்தின் வீரியம் குறையும் என்பதால், வாரம் இருமுறை குளோரின் சோதனைத் தாளை நானே நனைத்துப் பார்க்கிறேன். அதன் நிற அட்டையைப் படத்தில் அச்சடிக்கவில்லை. அச்சில் நிறம் மாறிவிடும், டப்பியில் இருப்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சென்ற மாதம் நீலத் தொட்டி விரிசல் விட்டது. கடைக்காரர் பச்சைத் தொட்டி கொடுத்தார். அதில் கோடு இல்லை. தண்ணீர் பிடிக்கப் போன தம்பி, படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயைத் திறக்காமலேயே வந்து என்னை அழைத்தான்.