பாஞ்சாலியின் வாசலில் தேர்ப்பாகன்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பாஞ்சாலி அம்மனுக்குத் தீமிதிக்க நேர்ந்துகொண்டு வருபவர்களுக்கு முதல் சோதனை தீக்குழியில் இல்லை, கரும்புத் தோட்டத்துச் சாலையில். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. உள்ளே போனால், குழியைச் சுற்றிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வேடிக்கைக் கூட்டம். 18 நாள் விரதமிருந்தவருக்குக்கூட வழிவிட மாட்டார்கள். அதெல்லாம் போகட்டும், அம்மன் பார்த்துக்கொள்வாள். பாரதக் கூத்து போடும் ராத்திரியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இங்கே தமிழ் எழுத்து தெரியாத ஆட்டக்காரர்கள் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத் தமிழ்ப் பாட்டைப் பாடம் செய்வது உண்டு. நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது சின்ன வேஷங்கள்தான். சூதாட்டக் கதையில் பிராதிகாமி என்ற தேர்ப்பாகனை வெட்டிவிட்டு நேரே துச்சாதனனை இறக்கினால் கூட்டம் ஆரவாரிக்கும், ஆனால் அம்மன் கேட்ட கேள்வியின் கூர்மை போய்விடும். அவன் சொல்லித்தான் அதைக் கேட்க வேண்டும்:

"பாஞ்சாலியைச் சபைக்கு அழைத்து வர விதுரர் மாட்டேன் என்றார். அதனால் என்னை ஏவினார்கள். அந்தப்புர வாசலில் நின்று, 'தாயே, தருமர் உங்களைச் சூதில் தோற்றுவிட்டார்' என்றேன். 'பந்தயம் வைக்க வேறொன்றுமா இல்லை?' என்றாள். மறைக்க எனக்குத் தைரியமில்லை. 'முதலில் தம்பிமாரை வைத்தார், அப்புறம் தன்னை, அதற்கப்புறம்தான் உங்களை' என்றேன்.

வரிசையை நானே சொல்லிவிட்டேன். அப்படியும், 'முன்னால் தோற்றது தன்னையா, என்னையா? சபையில் போய் அந்தச் சூதாடியைக் கேட்டு வா' என்றாள். தன்னைத் தோற்று அடிமையானவன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்று அந்தப் பெரியவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதற்குத்தான் அனுப்புகிறாள் என்று நடந்து போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்டேன். தருமர் உயிரற்றவர் போல இருந்தார். 'அவளே இங்கு வந்து கேட்கட்டும்' என்றார் துரியோதனர். மறுபடி போனேன். 'குருகுலத்துக்கு முடிவு வந்துவிட்டது தாயே' என்று என்னையறியாமல் வந்துவிட்டது. மூன்றாம் தடவை ஏவியபோது கால் எழவில்லை. சபையைப் பார்த்து, 'அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும்?' என்று கேட்டேன். யாரும் நிமிரவில்லை. 'இவன் பீமனுக்குப் பயப்படுகிறான்' என்று சொல்லித் துரியோதனர் தன் தம்பியை அனுப்பினார். பயந்தது பீமருக்கு இல்லை, அவளுக்கு."

இந்த வேஷக்காரர் மூன்று நடையையும் ஒரே வேகத்தில் நடந்தால் காட்சி கெட்டுவிடும். முதல் நடை ஏவலாளுடைய விறுவிறுப்பு, இரண்டாவது தயக்கம், மூன்றாவதில் நின்ற இடத்தைவிட்டு அசையவே கூடாது. அப்படி ஆடுகிறவர் அமைந்துவிட்டால் துச்சாதனன் நுழைவதற்குள் தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள்.

பாஞ்சாலித் தாயே, ஓர் ஏவலாளுக்கும் நின்று பதில் சொன்னவளே! கூட்டமும் நெரிசலும் எப்படியோ போகட்டும், உன் வாசல்வரை வரவழைத்தாயே, அது போதும் அம்மா.